உட்கார முடியாத மகனுக்காக ஒரு தாய் கல்லூரி முதல்வருக்கு எழுதும் மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவனின் தாய் நான். வருகிற 9-ஆம் தேதி அவனுக்கு அறுவை சிகிச்சை. 16 முதல் 20 வரை உள்மதிப்பீட்டுத் தேர்வு. இந்த ஐந்து தாள்களையும் அவனுக்கு மட்டும் அடுத்த மாதம் 7 முதல் 11-க்குள் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும்.

இதையே முதலில் விண்ணப்பக் கடிதமாக அலுவலகத்தில் கொடுத்தபோது அங்கிருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, “திடீர்னு வந்தா மெடிக்கல்மா. முன்னாடியே தேதி குறிச்சிட்டுப் போனா அது லீவு” என்றார். அவர் மேல் கோபமில்லை. விதி அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாளைக்கு இன்னொரு பெற்றோரும் அதே மேசை முன் நிற்பார்கள் என்பதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதம்மா” என்றான்.

அவனுக்கு வந்திருப்பது பைலோனிடல் சைனஸ். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், புட்டங்கள் பிரியத் தொடங்கும் பள்ளத்தில், உதிர்ந்த முடி தோலுக்குள் குத்தி இறங்கி உள்ளே ஒரு சிறு பொந்தை உண்டாக்கிவிடுகிறது. அதில் சீழ் கட்டுகிறது. இளைஞர்களுக்கு, அதிலும் நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு, அதிகம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போன அமெரிக்க வீரர்கள் பலருக்கு வந்ததால் ‘ஜீப் நோய்’ என்றே அப்போது பெயராம். என் மகன் ஜீப்பில் ஏறியதில்லை. நாற்காலியே போதுமாக இருந்திருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன் முதல் தடவை வீங்கியபோது எங்களிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடமா அது? சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிட்டான். குப்புறப் படுத்துப் படித்தான். நண்பர்களிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தடவை தானாக உடைந்து வடிந்துவிட்டது. ஏழு வாரத்துக்கு முன் இரண்டாவது தடவை காய்ச்சலோடு வந்தது. அவசரமாகக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள்.

“முன்பே தெரியுமென்றால் தேர்வெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் அறுவை மருத்துவரிடம் கேட்டேன். சீழ் இருக்கும்போது கீறி வடிக்கலாமே தவிர, பொந்தை முழுதாக வெட்டியெடுத்துத் தைப்பது சரிவராது, தொற்றில் தையல் பிரிந்துவிடும் என்றார். வீக்கம் வடிந்து தோல் அமைதியாக ஆறு வாரமாவது இருக்க வேண்டும். அது இப்போதுதான் நிறைந்திருக்கிறது. அடுத்த சீழ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாதம் 24-ஆம் தேதி தொடங்கும் பல்கலைக்கழகத் தேர்வுக்காக அவன் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கப்போகிறான். அந்த நேரத்தில் வீங்கினால் மறுபடி கீறல், மறுபடி ஆறு வாரக் காத்திருப்பு, அதோடு அரியர். நாங்கள் தேதி குறித்தது வசதிக்காக அல்ல. தள்ளி வைக்கக்கூடிய தேர்வு எது, வைக்க முடியாதது எது என்று பார்த்துக் குறித்தோம்.

இது சின்ன ஆபரேஷன்தான், நான் மறைக்கவில்லை. ஒரு மணி நேர வேலை, ஓரிரு நாளில் வீடு. தொல்லை அதற்குப் பிறகுதான். பொந்து இருந்த இடத்தைச் சாய்சதுரமாக வெட்டியெடுத்து, பக்கத்துத் தோலையும் கொழுப்பையும் திருப்பி வைத்து அந்தக் குழியை மூடித் தைப்பார்கள். உட்கார்ந்தால் உடம்பின் பாரம் அந்தத் தையலைத்தான் இழுக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் நிற்கலாம், நடக்கலாம், குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கலாம், உட்காரக் கூடாது. 23-ஆம் தேதி தையல் பிரிப்பார்கள். மூன்றாவது வாரம் அரைமணி அரைமணியாக உட்கார்ந்து பழக வேண்டும். தேர்வுக்கு மூன்று மணி நேரம் உட்கார நான்கு வாரம் ஆகும் என்கிறார் மருத்துவர். அந்த நான்கு வாரம் அடுத்த மாதம் 6-ஆம் தேதி முடிகிறது. 7 என்ற தேதி அப்படி வந்ததுதான்.

துறைத் தலைவர் அன்போடு இரண்டு வழி சொன்னார். ஒன்று, காற்று வளையத் தலையணை. அது புட்டத்தை இருபுறமும் விரித்துத் தையலை இன்னும் இழுக்கும் என்று மருத்துவர் வேண்டாமென்றுவிட்டார். இன்னொன்று, சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆள். அவன் கைக்கு ஒன்றும் இல்லை சார், எழுதுவான். நின்றுகொண்டே மூன்று மணி நேரம் எழுத வைக்கலாமா என்று நானே யோசித்தேன். ஆபரேஷன் முடிந்த ஏழாம் நாள், வலி மாத்திரையின் தூக்கக் கலக்கத்தோடு, ஐந்து நாள் தொடர்ந்து நிற்பதா? ஒரே ஒரு செய்முறைத் தேர்வாக இருந்திருந்தால் நானே சம்மதித்திருப்பேன்.

உங்கள் பக்கச் சிரமமும் எனக்குப் புரிகிறது. அதே வினாத்தாளைக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாவது வினாத்தாள் ஒன்று இருப்பதாகத் துறையில் சொன்னார்கள், அது கடினமாக இருந்தாலும் பரவாயில்லை. உள்மதிப்பெண் ஏற்றக் கடைசி நாள் 15. கடைசித் தாளுக்கும் அதற்கும் நடுவில் நான்கு நாள் இருக்கிறது, திருத்த வேண்டியது ஒரே ஒருவனின் ஐந்து விடைத்தாள்கள். அப்புறம், மற்ற மாணவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். அவனுக்குப் படிக்க மூன்று வாரம் கூடக் கிடைப்பது உண்மைதான். அதில் பெரும்பகுதி குப்புறப் படுத்துக் கழியும் என்பதும் உண்மை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்குத் தைத்த தோலுக்கடியில் நீர் கோக்கும், ஓரம் பிரியும். கட்டுத் துணி நனைந்துகொண்டே இருந்தால், வலி குறையாமல் கூடினால், அதுதான் அறிகுறியாம். அப்படியானால் புண்ணைத் திறந்துவிட்டுக் கட்டு மாற்றி ஆற விட வேண்டும், வாரக்கணக்காகும். தையல் பிரிக்கும் 23-ஆம் தேதியே ஓரளவு தெரிந்துவிடும். 25-க்குள் மருத்துவரின் குறிப்போடு உங்களுக்குத் தெரிவிப்பேன். அதற்குமேல் இன்னொரு தேதி கேட்க மாட்டேன். உங்கள் விதிப்படி என்ன மதிப்பெண் வருகிறதோ வரட்டும்.

நோயின் பெயர், அறுவை நாள், எத்தனை நாள் உட்காரக் கூடாது என்பது மூன்றும் இருக்கும் மருத்துவரின் கடிதத்தை உறையிலிட்டுத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். அது உங்கள் மேசையோடு நிற்கட்டும். அறிவிப்புப் பலகையில் ‘மருத்துவக் காரணம்’ என்று மட்டும் போட்டால் போதும். மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கத்தை வீடு திரும்பியதும் கொண்டுவந்து தருகிறேன்.

5-ஆம் தேதி மயக்க மருந்து மருத்துவர் அவனைப் பரிசோதிக்கிறார். அன்றைக்கு அவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் 9-ஆம் தேதி உறுதியாகிவிடும். அதற்குமுன், 4-ஆம் தேதி மாலைக்குள் ஒரு வரி பதில் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய்