வன்னிக்குத் தண்ணீர் வடிகட்டி கொடுக்கும் நம் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் நிர்வாகிகளுக்கும், வெளிநாட்டில் காசு சேர்த்து அனுப்பும் ஊர்ச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். நாம் யாழ்ப்பாணத்தார் கிணற்றை நாக்கால் அறிகிறவர்கள். உவரா, நல்ல தண்ணியா என்று ஒரு மிடறில் சொல்லிவிடுவோம். வன்னிக் கிணறுகளில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைட்டுக்கு அந்த நாக்கு உதவாது. அதற்கு நிறமோ மணமோ இல்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையும் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் குறையாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

நம் நிலம் சுண்ணக்கல். அதிலுள்ள கல்சியம் புளோரைட்டைப் பிடித்து, அதிகம் கரையவிடாது. வவுனியாப் பக்கம் அடியில் கருங்கல் வகைப் பாறை. அதிலுள்ள மைக்கா, அபதைற்று என்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டு மெல்லக் கரையும். தண்ணீர் ஆழத்தில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு கூடும். அதனால் அங்கே பல இடங்களில் திறந்த கிணற்றைவிடக் குழாய்க்கிணறுதான் மோசம்.

நான் போன ஒரு கிராமத்தில் எல்லோரும் குடித்தது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கண்ணாடி மாதிரித் தெளிவு, லீற்றருக்கு 3.1 மில்லிகிராம் புளோரைட்டு. நம் நாட்டுத் தரம் 1 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5. இருநூறு மீற்றர் தள்ளியிருந்த கோயில் கிணற்றில் 0.5தான். ஆனால் அது கலங்கலாக இருக்கிறது, சேற்று மணம் அடிக்கிறது என்று சனம் கைவிட்டிருந்தது.

அங்கே ஒரு சங்கம் வீட்டுக்கு வீடு அலுமினா மணி போட்ட வடிகட்டி கொடுத்திருந்தது. நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு வடியில் 4 கிலோ மணி. காரத்தன்மையுள்ள அந்தத் தண்ணீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் புளோரைட்டைத்தான் அது பிடிக்கும்; மொத்தம் 4,000 மில்லிகிராம். ஒவ்வொரு லீற்றரிலும் 2.5 மில்லிகிராமை எடுத்தால் 1,600 லீற்றரோடு நிரம்பிவிடும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் வேண்டிய குடும்பத்துக்கு அது எண்பது நாள். நான் பத்து மாதம் கழித்துப் போனேன். வடிக்குள் போனதும் வெளியே வந்ததும் ஒரே 3.1. நிரம்பியதை வடி காட்டிக்கொடுக்காது. தண்ணீர் முன்பு போலவே வந்துகொண்டிருந்தது, தாய்மார் பத்திரமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்குதான் எனக்கு நெஞ்சு பதைத்தது. நிலைத்த முன்பற்களின் எனாமல் கைக்குழந்தைப் பருவத்திலேயே உருவாகிறது, ஒன்று முதல் மூன்று வயது வரை மிகவும் எளிதில் கெடும். அந்தப் பல் வெளியே வருவதோ ஆறு, ஏழு வயதில். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழுப்புப் பல்லில் தெரிவது நாலைந்து வருடத்துக்கு முந்திய தண்ணீர். வடி இன்று செத்தால் ஊர் அதை அறிவது அப்போதுதான், அதற்குள் எனாமல் திரும்பாது. பெரியவர்களுக்கு இன்னும் கூடுதலான அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். தாய்ப்பாலில் புளோரைட்டு மிகக் குறைவு. பால்மா கரைக்கும் தண்ணீர்தான் ஆபத்து. ஆகவே உதவி முதலில் போகவேண்டியது சின்னப் பிள்ளையுள்ள வீட்டுக்கு.

இப்போது எல்லோரும் சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கேட்கிறார்கள். அது புளோரைட்டை நன்றாகவே நீக்கும். ஆனால் கணிசமான பங்கு தண்ணீர் கழிவாகப் போகும், அதில் புளோரைட்டு செறிந்திருக்கும். கிணற்றடியில் ஊற்றினால் சுற்றிவந்து அதே கிணற்றில் சேரும். முன்வடியை மாற்றவும் சவ்வைக் கழுவவும் சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும். பாடசாலைக்கோ பெரிய ஊருக்கோ பொருந்தும், முப்பது வீட்டுக் கிராமத்துக்குப் பொருந்தாது.

அந்தக் கிராமத்தில் நான் முதலில் கேட்டது கோயில் கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, கட்டு உயர்த்தி மூடி போட்டு, குளோரின் இடுவதைத்தான். திறந்த கிணற்றில் கிருமி வரும், அதனால் குளோரினை விடமுடியாது. அடுத்தது மழைநீர். 20 லீற்றர் வீதம் எட்டு மாதக் கோடைக்கு 4,800 லீற்றர், ஒரு 5,000 லீற்றர்ச் சீமெந்துத் தொட்டி போதும். 40 சதுர மீற்றர்க் கூரையில் 160 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே அது நிறையும். மாரியில் அதைவிட நிறையக் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டு, மூடிக்கு வலை கட்டவேண்டும்.

அடுத்த இயந்திரத்துக்குக் காசு கட்டமுன் அந்த ஊரின் ஒவ்வொரு கிணற்றிலும், திறந்ததிலும் குழாயிலும், ஒரு பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீர் எடுங்கள். செப்டெம்பரில் ஒருமுறை, மாரி முடிந்து ஒருமுறை. போத்தலில் கிணற்றுக்காரர் பெயர், ஆழம், திகதி எழுதி, இரண்டு முறையும் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவுத் தாளை வைத்துக்கொண்டு ஊராரோடு இருந்து பேசுவோம். நானும் வருகிறேன்.