முப்பத்தொரு ஸ்லைடுகளுக்கு ஒரு நன்றி

அன்புள்ள பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் நடக்கும் நம் சனிக்கிழமை வகுப்புக்கான எழுத்து ஸ்லைடுகள் முடிந்துவிட்டன. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஒவ்வொன்றிலும் மேலே எழுத்து, நடுவில் படம், கீழே சொல். இதை நான் தனியாகச் செய்யவில்லை.

முதல் நன்றி பிள்ளைகளுக்கு. அ என்றால் அணில் என்று முதுகில் கோடு போட்ட நம்மூர் அணிலைக் காட்டினேன். "சிப்மங்க்!" என்றார்கள். ரொறன்ரோவில் அவர்கள் பார்க்கும் அணில் கருப்பு அல்லது சாம்பல். பிழை அவர்களுடையது அல்ல, படத்தினுடையது. அ இப்போது அம்மா.

உ இன்னும் சிரமமாக இருந்தது. உரலை யாரும் பார்த்ததில்லை. சரி, உப்பு என்று வெள்ளைக் குவியலைப் போட்டேன். வகுப்பே "சீனி" என்றது. அப்போதுதான் ஒரு மாணவியின் அம்மம்மா, "பிள்ளை தொட்டுக் காட்டக்கூடிய சொல்லா வையுங்கோ" என்றார். உதடு வைத்தோம். எல்லாரும் உதட்டைத் தொட்டார்கள், சொல்லும்போதே அது குவிவதையும் கண்டார்கள். மெய்யெழுத்துக்கும் அந்த வழிதான் கைகொடுத்தது. ற் சொல்லின் முதலில் வராது, நடுவில்தான் தேட வேண்டும். நாற்காலி என்று வைத்திருந்தோம், ஆனால் பாதி வீடுகளில் அது கதிரை. நெற்றி என்றால் எந்த வீட்டிலும் நெற்றிதான். அம்மம்மாவுக்கு என் வணக்கம்.

ஔவுக்குக் கோல் ஊன்றிய மூதாட்டியின் படம் இருந்தது. பிள்ளைகள் "அம்மம்மா" என்றார்கள். ஒரு மாணவனின் தாத்தா வந்து சுட்ட பழம், சுடாத பழம் கதையைச் சொன்ன பிறகு, நாவல் மரத்தில் சிறுவனும் கீழே ஔவையாரும் இருக்கும்படி படத்தை மாற்றினோம். வரைந்தவர் நம் பழைய மாணவி. உயர்நிலைப் பள்ளிக்குத் தேவையான 40 மணிநேரத் தொண்டு எப்போதோ முடிந்துவிட்டது, அதன் பிறகும் வந்தார்.

அப்புறம், கணினி தெரிந்த அந்த அப்பா. அடுத்ததாகச் செய்யும் க வரிசையில், 'கெ' எழுத்தின் கொம்பை மட்டும் சிவப்பாக்கப் பார்த்தேன். கொம்பு தனியே பிரிந்து, பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று வந்துவிட்டது. பிள்ளைகள் அதையும் எழுத்தென்று நினைத்து எழுதிவிடுவார்கள். குறியீட்டைத் தனியாகத் தட்டினால் யுனிகோடு அப்படித்தான் காட்டும் என்று விளக்கி, முழு எழுத்தையும் படமாகச் சேமித்து அதில் நிறம் தீட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு எழுத்துக்கும் இரண்டு இரவு வேலை.

ஃ மட்டும் மிச்சம். எஃகு என்று எந்தப் படம் போட்டாலும் "கரண்டி", "கத்தி" என்றே பதில் வருகிறது. இப்போதைக்குப் படமில்லாமல், மூன்று புள்ளிகளும் ஒலியும் மட்டும் வைத்திருக்கிறோம். நல்ல யோசனை இருந்தால் சனிக்கிழமை சொல்லுங்கள். அச்சிட்ட பிரதிகளும் அன்று என்னிடம் இருக்கும்.

அன்புடன்,
முதல்நிலை வகுப்பு ஆசிரியை