கல்லுக்கு ஒரு சான்று, விலைக்கு ஒரு சான்று: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இனி எங்கள் கடையில் கல் பதித்த நகை வாங்குவோருக்கும், வீட்டிலுள்ள பழைய நகையை மதிப்பிட்டுத் தரக் கேட்டு வருவோருக்கும் நாங்கள் எழுதித் தரும் காகிதங்கள் முன்பு போல் இருக்கமாட்டா. இதுவரை ஒரே தாளில் தங்கம், கல், விலை மூன்றையும் சேர்த்து எழுதிவந்தோம். இனி அவை தனித்தனியாக இருக்கும். இந்த மாற்றத்துக்குக் காரணமான ஒரு நிகழ்வை மறைக்காமல் உங்களிடம் சொல்வதே முறை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு மாணிக்க மோதிரம் வாங்கிய அம்மா, விரலுக்கு இறுக்கமாக இருக்கிறதென்று அதை வேறோர் ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார். வளையத்தை வெட்டிப் பற்றவைத்தபோது சூடு கல்லுக்கும் ஏறியது. பிறகு அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்ததும், சிவப்பாக ஒளிவிட்ட கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாய் விரிசல்கள் ஓடியிருந்தன. ஆசாரிதான் கெடுத்துவிட்டார் என்று எண்ணி, என்னை சாட்சி சொல்ல அழைக்கவே அவர் வந்தார். கல்லைப் பார்த்ததும் தவறு என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில் ‘இயற்கை மாணிக்கம்’ என்று மட்டுமே இருந்தது. உண்மையில் அது, விரிசல்களுக்குள் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பிய மாணிக்கம். அம்மாவுக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தேன். ஆசாரியிடமும் நேரில் சென்று, அவர்மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சோதிக்காமல் எழுதவில்லை. ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தபோது 1.762 முதல் 1.770 வரை, மாணிக்கத்துக்குரிய எண்ணே வந்தது. வெறும் கண்ணாடியாகவோ வேறு சிவப்புக் கல்லாகவோ இருந்திருந்தால் அந்தக் கருவி காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் இந்தக் கல்லின் உடல் மாணிக்கமே. நிறைய விரிசலோடு, விலைபோகாத தரத்தில் கிடைக்கும் மாணிக்கத்தைச் சுத்தம் செய்து அதற்குள் கண்ணாடியை இறக்குகிறார்கள். ஈயம் சேர்ந்த கண்ணாடியின் ஒளிவிலகல், மாணிக்கத்தின் ஒளிவிலகலுக்கு மிக அருகில் இருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. இத்தகைய கற்கள் 2004-ஐ ஒட்டிச் சந்தைக்கு வரத் தொடங்கியவை. கல்லின் எடையில் கணிசமான பங்கு கண்ணாடியாகவே இருக்கவும் கூடும். அப்போது வாங்குபவர் கண்ணாடிக்கும் சேர்த்துக் காரட் கணக்கில் பணம் கொடுக்கிறார்.

இதைக் கண்டறியக் கருவியைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில், கல்லுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பிடித்து மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விரிசலின் வழியே நீலமோ ஊதாவோ பளிச்சென்று மின்னி மறையும். கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழிகள் வட்டமாகவோ தட்டையாகவோ தெரியும். இந்த இரண்டில் ஒன்று தென்பட்டாலும் நான் ‘மாணிக்கம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தமாட்டேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தச் சாறே கண்ணாடியை அரித்துவிடும், கெட்ட கல்லை மீட்கவும் முடியாது.

சூடேற்றி நிறம் மேம்படுத்திய மாணிக்கத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சூடேற்றுவது வணிகத்தில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். நிறம் நிலைத்து நிற்கும். ஆயினும் சூடேற்றாத கல்லின் விலை பல மடங்கு கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், அதையும் சொல்லியே விற்க வேண்டும். ஒரு கல் சூடு கண்டதா இல்லையா என்பதைக் கடைக் கருவிகளை வைத்து என்னால் எல்லா நேரமும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு காரட்டுக்கு மேற்பட்ட மாணிக்கம், நீலம், மரகதம் எதுவாயினும், எங்களோடு வணிகத் தொடர்பில்லாத ஆய்வகத்தின் அறிக்கையோடுதான் இனி விற்போம். வேறோர் ஆய்வகத்தில் சோதிக்க நீங்கள் விரும்பினாலும், கல்லை உங்கள் கண்முன்னே கட்டி முத்திரையிட்டு அனுப்புவோம். விற்பவனே சாட்சியாகவும் நிற்பது சரியல்ல என்பதை அந்த மோதிரம் எனக்குக் கற்பித்தது.

நகையில் 916 என்ற ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க அடையாளக் குறியும் இருப்பதால் கல்லும் சோதிக்கப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே சொல்கிறது. கல்லைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆய்வக அறிக்கையோ, கல் எது, அதற்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும்; விலை சொல்லாது. விலையைச் சொல்வது மதிப்பீட்டுச் சான்று. இதில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது.

ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 5.200 கிராம். கல் நீள்வட்டமாக, 8 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் ஆழமும் கொண்டிருக்கிறது. கல்லைக் கழற்றாமல் எடையைக் கணிக்க ஒரு வாய்ப்பாடு உண்டு. நீள அகலங்களின் சராசரி 7. அதன் வர்க்கம் 49. அதை ஆழமான 4-ஆலும், மாணிக்கத்தின் அடர்த்தி எண் 4-ஆலும், 0.0020-ஆலும் பெருக்கினால் சுமார் 1.57 காரட் வரும். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால் கல் 0.314 கிராம்; தங்கம் 4.886 கிராம். இது உத்தேச எடையே. கண்ணாடி நிரப்பிய கல்லுக்கு அடர்த்தி மாறும். பின்புறம் மூடிய பழைய அட்டிகை போன்றவற்றில் ஆழத்தை அளக்கவே இயலாது, உள்ளே அரக்கும் இருக்கலாம். அப்படியான இடங்களில் ‘உத்தேசம்’ என்ற சொல் எங்கள் சான்றில் கட்டாயம் இருக்கும்.

இதே மோதிரத்துக்கு மூன்று தொகைகள் எழுதலாம், மூன்றும் உண்மையாக இருக்கும். காப்பீட்டுக்காக என்றால், தொலைந்துபோனால் இதே போன்ற ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் அதில் சேரும். விற்பதற்காக என்றால், இன்று ஒருவர் கையில் கொடுக்கக்கூடிய தொகை. அது நிச்சயம் குறைவு. அடகுக்காக என்றால், பொதுவாகத் தங்கத்தின் எடை மட்டுமே கணக்கில் வரும். எதற்காக, எந்தத் தேதியில், அன்றைய தங்க விலை என்னவாக இருக்கையில் என்ற மூன்றும் இல்லாத சான்றை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நகையோடு இலவசமாகக் கிடைக்கும் சான்றில் வாங்கிய விலையைவிடப் பெருந்தொகை எழுதியிருந்தால், அது உங்களுக்குக் கிடைத்த லாபம் அன்று. அந்தத் தொகையை நம்பிக் காப்பீடு எடுத்தால் கூடுதல் பிரீமியம் கட்டுவீர்கள், அவ்வளவே.

நாங்கள் விற்ற நகைக்கு நாங்களே மதிப்பீட்டுச் சான்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். பிறரிடம் வாங்கியதை மதிப்பிடும்போது, நகைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குவோம். மதிப்பில் சதவீதம் வாங்குவதில்லை, ஏனெனில் சதவீதம் வாங்குபவரின் பேனா தொகையைக் கூட்டவே விரும்பும். வருமான வரிக் கணக்குக்கோ நீதிமன்றத்துக்கோ தேவையென்றால், அதற்கென்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம்தான் செல்ல வேண்டும். எங்கள் தாள் அங்கே செல்லாது.

முன்பு எங்களிடம் ஒரே தாளில் சான்று பெற்ற மாணிக்க நகை உங்களிடம் இருந்தால், அதையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வியாழன் முற்பகல்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் எதிரிலேயே கைலென்ஸில் பார்த்து, உங்களையும் பார்க்கச் சொல்லி, புதிய தாள் எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லை. நாங்கள் எழுதியது தவறென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம். அதுவரை அந்த நகையை எந்தப் பட்டறையிலும் நெருப்பில் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நகைக்கடை உரிமையாளர்