கல்யாண மண்டபம் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கு: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்

மரியாதைக்குரிய அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். அதற்கு முன்னால் இருபது வருஷம் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் திருநெல்வேலி வட்டாரத்தில் மண்டபம் நடத்துகிற எல்லோருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன ஆவணியில் எங்கள் மண்டபத்தில் நடந்தது இது. காலையில் வேலைக்கு வந்த அக்கா, வாடை போகட்டும் என்று கழிப்பறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி ரிசப்ஷன் முடிந்ததும் வேறொரு அக்கா வந்தார். விடிகாலை முகூர்த்தத்துக்குள் தரை பளிச்சென்று இருக்க வேண்டும். போர் தண்ணீரின் உப்புக்கறை லேசில் போகாது, ஆசிட்டை ஊற்றினார். இரண்டு பேரில் யாரும் எதையும் வாளியில் கலக்கவில்லை. ஆனாலும் இரண்டும் தரையில் கலந்துவிட்டன. "அண்ணாச்சி, நெஞ்சை அடைக்குது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து, காலையில்தான் அனுப்பினார்கள்.

அங்கே வந்தது குளோரின் வாயு. அது எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புது பிளீச்சிங் பவுடரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, போதுமான ஆசிட் பட்டால் குளோரினாக வெளியே வரும். மூட்டையில் 'அவெய்லபிள் குளோரின்' என்று சதவீதம் போட்டிருப்பது இதைத்தான். ஒரு கை பவுடரை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 16 கிராம் குளோரின், அதாவது ஐந்தரை லிட்டருக்கு மேல் வாயு. நாலடிக்கு ஆறடி, எட்டடி உயரக் கழிப்பறையில் இருக்கும் காற்று 5,400 லிட்டர்தான். மொத்தக் குளோரினும் அதில் பரவினால் ஆயிரத்தில் ஒரு பங்கு குளோரின் ஆகிவிடும். லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே உடனடி உயிராபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவு. ஆக, அந்தக் கைப்பிடியில் நூறில் ஒரு பங்கு வினைபட்டாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தரையோரமாகவே தங்கும். குனிந்தும் உட்கார்ந்தும் தேய்க்கிறவரின் முகம் இருப்பதும் அங்கேதான்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு, ஆனால் படத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆசிட் கேனிலும் பிளீச்சிங் மூட்டையிலும் சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரப் படங்கள் இருக்கும். கையையும் உலோகத்தையும் திரவம் அரிப்பது போன்ற படம் இரண்டிலுமே உண்டு. எங்கள் ஸ்டோரில் முன்பு இருந்தவர் "ரெண்டும் ஒரே படம், ஒரே அலமாரியில வைக்கலாம்" என்று நினைத்திருக்கிறார். படித்தவர்களும் இப்படி நினைத்து நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் அந்தப் பொருள் உங்களை என்ன செய்யும் என்று சொல்லும். பக்கத்தில் இருக்கும் பொருளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது, ரசாயனத்தைத் தயாரிப்பவர் அதைப் பற்றி எழுதித் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள். அதில் பதினாறு பகுதிகள் இருக்கும். அத்தனையும் நாம் படிக்க வேண்டியதில்லை. எதை எங்கே வைப்பது என்பதற்கு 7-ஆம் பகுதியும், எதோடு சேரக்கூடாது என்பதற்கு 10-ஆம் பகுதியும் போதும். 10-இல் 'இன்கம்பாட்டிபிள் மெட்டீரியல்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். ஆசிட் தாளில் அந்த வரியில் பெரும்பாலும் 'ஆக்ஸிடைசிங் ஏஜென்ட்ஸ்' என்று பொதுவாகத்தான் எழுதியிருப்பார்கள், பிளீச்சிங் பவுடர் என்று பேர் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கேதான் படம் உதவுகிறது. பிளீச்சிங் மூட்டையில் வட்டத்தின் மேல் தீ எரிவது போல இன்னொரு படம் இருக்கும். அதற்கு அர்த்தமே ஆக்ஸிடைசர் என்பது. தாளில் உள்ள சொல்லையும் மூட்டையில் உள்ள படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஆனால் திரவ பிளீச் கேனில் அந்தத் தீ வட்டம் பெரும்பாலும் இருக்காது. அதனால் அதன் தாளையும் 10-ஆம் பகுதி வரை புரட்டித்தான் ஆக வேண்டும். சில தாள்களில் `EUH031` என்று ஒரு குறி இருக்கும். ஆசிட் பட்டால் நச்சு வாயு வரும் என்று அதற்குப் பொருள். அப்புறம், கழிப்பறை கழுவ வாங்கும் கெட்டியான நீலத் திரவத்தையும் மறந்துவிடாதீர்கள். அதில் பலவற்றில் இருப்பதும் இதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதாவது `HCl`தான். வேறு சிலவற்றில் பிளீச் இருக்கும். பாட்டில் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், பின்பக்கம் திருப்பிப் படித்தால்தான் தெரியும்.

நம்மில் பலர் ஆசிட்டை சில்லறையாக, பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்குகிறோம். அதில் படமும் இல்லை, பேரும் இல்லை. விற்பவரிடம் தாள் கேளுங்கள். அபாயகரமான ரசாயனங்களுக்குத் தரவுத் தாள் வேண்டும் என்பது நம் நாட்டு 1989-ஆம் வருஷத்து விதிகளிலேயே இருக்கிறது. தாள் தர முடியாது என்றால் லேபிள் ஒட்டிய கேனாக வாங்கும் கடைக்குப் போங்கள். பாட்டில் மாற்றி ஊற்றத்தான் வேண்டும் என்றால், ஊற்றிய கையோடு பேரையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் உங்கள் ஸ்டோரை இன்றைக்கே ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆசிட் கேனுக்குப் பக்கத்து ஆணியும் இரும்பு அலமாரியும் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் துருப்பிடித்திருந்தால், மூடி வழியாக ஆவி கசிகிறது. அந்த ஆவி பிளீச்சிங் மூட்டையில் பட்டாலும் குளோரின் வரும். கதவைத் திறந்ததும் நீச்சல் குளத்து வாடை அடித்தால் உள்ளே போகாதீர்கள், கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். ஆசிட்டைத் தரை மட்டத்தில் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரை வேறு அறையில், ஈரம் படாத இடத்தில், தின்னரும் மண்ணெண்ணெயும் எண்ணெய்த் துணியும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். ஆக்ஸிடைசர் என்றால், அவற்றில் தீப்பிடித்தால் அதை இன்னும் கொழுந்துவிட்டு எரியச் செய்யும் என்பதும் அர்த்தம்.

கழுவும் வேலையைப் பொறுத்தவரை, ஒரு கழிப்பறைக்கு ஒரு நாளில் ஒன்றுதான். பிளீச்சிங் போட்ட நாளில் ஆசிட் இல்லை. காலை ஆளும் ராத்திரி ஆளும் வேறு வேறு என்பதால், எதைப் போட்டார்கள் என்று கதவிலேயே சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாயு வந்துவிட்டால், முதலில் வெளியே காற்றுக்கு வர வேண்டும். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்றோ வாளியை எடுக்கலாம் என்றோ திரும்ப உள்ளே போகக்கூடாது. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும். எங்கள் அக்காவை ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தது அதற்காகத்தான்.

ஆசிட், பிளீச்சிங் இரண்டின் 10-ஆம் பகுதியையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறேன். எந்த மண்டபத்திலிருந்து யார் வந்து கேட்டாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மண்டப ஸ்டோர்காரன்