மாடு படுத்தால் மழையா?

டெவன், இங்கிலாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. கிணறு தூர் வாரிய செலவுக் கணக்கையும் படித்தேன். அதற்கு நான் என்ன சொல்ல, தண்ணீர் ஊறினால் சரி. இங்கே எல்லோரும் நலம். சின்னவன்தான் கால்பந்து ஆடப் போய் முன்பல்லில் பாதியைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான். அழவில்லை, ஏதோ பதக்கம் வாங்கியவன் மாதிரி எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டுகிறான்.

கடைசி வரியில் ஒரு கேள்வி போட்டிருந்தாயே: "மாடு படுத்தா மழை வரும்னு வாட்ஸ்அப்பில் வெள்ளைக்காரன் ஒருத்தன் வீடியோ சுத்துது, நீ அங்கே மாட்டோடதானே இருக்க, நிஜமா?" இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்று நம் அப்பத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மாடு படுத்தால் மழை என்று நான் ஊரில் கேட்டதில்லை. இங்கே வந்த முதல் கோடையிலேயே கேட்டேன். பண்ணையை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. அதில் போகிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, படுத்திருக்கும் மாடுகளைப் பார்த்து, "மழை வரப்போகுது போல" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். காரணமும் சொல்வார்கள். காற்றழுத்தம் குறைவது மாட்டுக்குத் தெரியும் என்பார் ஒருவர். மழைக்கு முன்னால் தனக்கென்று ஒரு காய்ந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேருந்து ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம் ஊர்ப் பழக்கம் மாட்டுக்கும் உண்டு போல என்று நினைத்துக்கொள்வேன்.

கறவை மாடு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுக்கிறது தெரியுமா? நல்ல காய்ந்த இடம் கிடைத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம். ஒரே மூச்சில் இல்லை. ஒரு மணி, ஒன்றரை மணி படுக்கும், எழும், மேயும், மறுபடி படுக்கும். அசைபோடவே ஏழெட்டு மணி நேரம் வேண்டும், அதில் பெரும்பகுதி படுத்தபடிதான் நடக்கும். அதாவது, எந்த நேரத்தில் வேலியோரம் போய் நின்றாலும் படுத்திருக்கும் மாட்டைப் பார்க்கிற வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதோடு, மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யும். நாலு மாடு முன்னங்காலை மடக்கினால், கால் மணியில் பாதி மந்தை தரையில் இருக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு, யாரோ உத்தரவு போட்ட மாதிரிதான் தோன்றும்.

எனக்குப் பிடிபட நாளானது நேரக் கணக்குதான். இங்கே விடியற்காலை ஐந்து மணிக்குக் கறப்போம். கறந்து விட்டதும் பசியோடு நிலத்துக்குப் போய் இரண்டு மூன்று மணி நேரம் தலையைத் தூக்காமல் மேயும். பத்து, பத்தரைக்கு வயிறு நிறையும். பதினோரு மணிக்குப் பார், கூட்டமாகப் படுத்துத் தாடையை ஆட்டிக்கொண்டிருக்கும். நடைபாதைக்காரர்கள் வருகிற நேரமும் அதுதான். அப்புறம், கோடைக் காலத்துத் தூறல் இந்த ஊரில் எப்படி வரும் தெரியுமா? காலையில் வெயில் தரையைச் சூடாக்கும், நண்பகல் வாக்கில் மேகம் பருத்துக்கொண்டே போகும், மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கொட்டிவிடும். பதினோரு மணிக்குப் படுத்த மாடும் இரண்டு மணிக்குப் பெய்த மழையும் ஒரே சூரியனின் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்றுக்கு ஒன்று சேதி சொல்லவில்லை. நம் ஊரில் பள்ளி மணி அடித்ததும் பேருந்து வந்து நிற்குமே, மணியா பேருந்தைக் கூட்டி வந்தது?

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். எல்லாம் வைத்துக்கொள்கிற எண்கள்தான். நூறு நாள் காலை பதினோரு மணிக்கு நீ வந்து பார்க்கிறாய். 70 நாள் மாடு படுத்திருக்கிறது, 30 நாள் நிற்கிறது. மாட்டுக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பத்தில் நாலு நாள் மதியம் மழை பெய்கிறது. அப்படியென்றால் படுத்திருந்த 70 நாளில் 28 நாள் மழை வந்திருக்கும். ஒரு சம்பந்தமும் இல்லாமலே 28 தடவை "பார்த்தியா, சொன்னேன்ல!" என்று சொல்ல முடியும். படுத்தும் மழை வராத 42 நாளை யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வதில்லை. நின்றிருந்தும் நனைந்த 12 நாளும் கணக்கிலேயே வராது. இதைச் சோதிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: படுத்த நாளில் எத்தனைக்கு எத்தனை மழை, நின்ற நாளில் எத்தனைக்கு எத்தனை மழை. இரண்டும் பத்துக்கு நாலு என்றால் மாடு ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்டனின் வானிலை அலுவலகமும் இந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கிறது.

துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைக்கு வருகிறேன். மழை பெய்யத் தொடங்கியதும் வந்து பார்த்தால் அது அப்போதே உடைந்துவிடும். காற்றோடு மழை அடிக்கும்போது மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்தி நின்றுவிடும். பிடித்து வைத்த காய்ந்த இடத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிற மாடு அரிது. ஈரம் அதற்கு ஆகாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மாடுகளுக்கு நனைந்த மரத்தூள் படுக்கையும் காய்ந்த மரத்தூள் படுக்கையும் கொடுத்து அளந்தார்கள். காய்ந்ததில் 14 மணி நேரம் கிட்டப் படுத்தவை, ஈரத்தில் ஒன்பது மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை. இது மழைக் குறியை விட நமக்குப் பிரயோசனமான சேதி. உன் கொட்டகையில் மூத்திரம் தேங்குகிற அந்த மேற்கு மூலையை நினைத்துக்கொள். அங்கே கட்டின மாடு படுக்காமல் நின்றே இருக்கும். நின்று நின்று குளம்பு கெடும், படுத்தால் மடிநோய் வரும்.

சரி, துளிகூட உண்மை இல்லையா என்றால், ஒரு ஓரத்தில் கொஞ்சம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது காற்றழுத்தம் இல்லை, சூடு. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்து ஆட்கள், மாட்டின் உடம்புக்குள் வெப்பத்தை அளக்கும் கருவியையும், காலில் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று சொல்லும் கருவியையும் வைத்துப் பார்த்தார்கள். உடல் வெப்பம் ஏற ஏற மாடு எழுந்து நிற்கிறது. நின்றால் உடம்பைச் சுற்றிக் காற்றுப் படும், சூடு இறங்கும். படுத்தால் வயிற்றுப் பக்கம் முழுக்கத் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இதை மழைக்கு முந்தின மணி நேரத்தில் வைத்துப் பார். புழுங்கி எடுக்கிற கோடை இடிமழைக்கு முன்னால், பழமொழி சொல்வதற்கு நேர்மாறாக, மாடு நிற்கத்தான் வேண்டும். ஈத் தொல்லையும் அப்போதுதான் கூடும். வாலை விசிறிக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்பதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் வெயிலில் நின்றுகொண்டிருந்த மந்தைக்கு மேல் பெரிய மேகம் வந்து மூடி, குளிர்காற்று வீசினால், சூடு இறங்கி அவை படுக்கலாம். அரை மணி கழித்து அந்த மேகம் பெய்யலாம். அப்படி ஒரு நாளில் மாடும் மழையும் நிஜமாகவே தொடர்புடையவைதான். அதற்கு மாட்டைப் பார்ப்பானேன், தலையைத் தூக்கினால் மேகமே தெரியுமே.

இதில் நான் பட்ட ஒரு அவமானத்தையும் எழுதிவிடுகிறேன், சிரிக்காதே. வந்த இரண்டாம் வருஷம். நாலாம் ஈத்து மாடு ஒன்று முந்தின நாள் இரவு கன்று போட்டிருந்தது. காலையில் மற்ற மாடுகள் மேய்ந்துகொண்டிருக்க, இது மட்டும் படுத்திருந்தது. அப்போது இந்தப் பழமொழி புதுசு, வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்த பெரியவரிடம், "இவளுக்கு மட்டும் மழை தெரிஞ்சிருக்கு" என்று பெரிய ஜோக் மாதிரி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து அதன் காதைப் பிடித்துப் பார்த்தார். என் கையையும் எடுத்து வைத்தார். ஜில்லென்று இருந்தது. மூக்கு நுனி காய்ந்திருந்தது. கழுத்து நேராக இல்லை, பாம்பு வளைந்த மாதிரி வளைந்து, தலை விலாப் பக்கம் திரும்பியிருந்தது. தாடை ஆடவே இல்லை. பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. சீம்பாலுக்குக் கால்சியம் மொத்தமாக இறங்கிவிட, ரத்தத்தில் குறைந்து, தசை வேலை செய்யாமல் போய்விடுகிறது. மருத்துவர் வந்து கால்சியம் புட்டியைச் சூடு பண்ணி, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே நரம்பில் மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். புட்டி முடிகிறதுக்குள் தொடைத் தசை நடுங்க ஆரம்பித்தது, ஒரு ஏப்பம், அப்புறம் சாணி. ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும், பின்னங்காலை ஊன்றித் தடுமாறி எழுந்துவிட்டது.

அன்று மழையும் பெய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். மந்தையே படுத்து அசைபோட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். எல்லாம் மேயும்போது ஒன்று மட்டும் தாடை ஆடாமல் படுத்திருந்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போவேன்.

உன் சிவலைக்கு அடுத்த மாதம் நாள் என்று எழுதியிருந்தாய். ஜெர்சிக் கலப்பு, இது நாலாவது ஈத்து இல்லையா? ஜெர்சிக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதலாகவே வரும், அதுவும் மூணாவது ஈத்துக்கு மேல். கன்று போட்டு மூன்று நாள் வரை காலையும் இரவும் காதைத் தொட்டுப் பார். சில்லிட்டிருந்தால் மருத்துவரைக் கூப்பிடு, தானாக எழும் என்று காத்திருக்காதே. மேற்கு மூலையில் அதைக் கட்டவும் வேண்டாம். கிடாரியா காளையா என்று எனக்கு உடனே தகவல் சொல். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
தங்கராசு