பருவ நிறைவுக் கடிதம்: ப்ராஜெக்டில் ஒட்டும் படங்களைப் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டு பரிசுகள் பெற்றார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அறிவியல் கண்காட்சிக்கு உதவிய அனைவருக்கும் நன்றி.

அந்தக் கண்காட்சியில் எழுந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏஐ செயலியில் உருவாக்கிய படங்களைத் தாங்களே எடுத்த புகைப்படம்போல் ப்ராஜெக்டில் ஒட்டுவது இந்த ஆண்டு பல வகுப்புகளில் நடந்திருக்கிறது. நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட பெற்றோரின் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

பச்சைப்பயறு முளைப்பதை எட்டு நாள் கவனித்து, நாளுக்கு ஒரு புகைப்படம் வைக்க வேண்டும் என்பது வேலை. கண்ணாடி டம்ளரில் மண் போட்டு, பக்கவாட்டில் தெரியும்படி பத்து விதைகள் ஊன்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் நிறுத்தி எடுக்கச் சொல்லியிருந்தோம். ஒரு பிள்ளையின் ப்ராஜெக்ட் மிக அழகாக இருந்தது. முதல் மூன்று படங்கள் சற்று மங்கல். நான்காவதிலிருந்து எல்லாமே பளிச்சென்று, காலண்டரில் அச்சிட்டதுபோல.

அறிவியல் ஆசிரியை நான்காம் நாள் படத்திலேயே நின்றுவிட்டார். பச்சைப்பயறு முளைக்கும்போது தண்டு முதலில் கொக்கிபோல் வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். விதையின் இரண்டு பாதிகளான வித்திலைகளையும் தன்னோடு மேலே தூக்கி வந்துவிடும். அதற்கு மேல்தான் முதல் ஜோடி இலைகள் எதிரெதிராக விரியும். பட்டாணி அப்படியில்லை, அதன் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இந்தப் படத்திலோ பயறு முழுசாக மண்ணுக்குள் கிடந்தது, மேலே இலைகள் விரிந்திருந்தன. பிறகு ஸ்கேலைப் பார்த்தார்: 3-க்குப் பிறகு 5, அதன் பிறகு மறுபடியும் 5. மூன்றாம் நாள் வரை டம்ளரின் விளிம்பில் இருந்த சிறு கீறல் நான்காம் நாள் காணவில்லை.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார். அதட்டவில்லை. "நாலாம் நாள் என்ன ஆச்சும்மா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை அழுதுகொண்டே செல்போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டியது. பத்தில் நான்கு விதைகளின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. தண்ணீர் அதிகமாகி, மண்ணிலுள்ள காற்றிடைவெளிகள் நிரம்பி, விதை சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகியிருக்கிறது. "இது கெட்டுப்போச்சு மிஸ், மார்க் போயிடும்னு வீட்ல வேற படம் போட்டுக்கொடுத்தாங்க" என்றது.

பெற்றோர்களே, அந்த ப்ராஜெக்டிலேயே மிகச் சிறந்த படம் அந்தப் பூஞ்சைப் படம்தான். ஆறு முளைத்து நான்கு ஏன் அழுகின என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். பிள்ளை தன் கண்ணால் கண்டதை ஒளித்து வைத்துவிட்டு, யாருமே காணாத ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தது. என் மனதை உறுத்துவது அதுதான்.

வீட்டில் அன்பினால் செய்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரவு பத்து மணிக்கு, நாளை கடைசி நாள் என்று பிள்ளை அழும்போது எந்தத் தாய் தகப்பனும் ஏதாவது செய்யத்தான் பார்ப்பார்கள். ஏஐ படமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. டைனோசர் எப்படி இருந்திருக்கும், செல்லுக்குள் என்னதான் இருக்கிறது என்று விளக்க அது உதவும். அடியில் என்ன படம் என்று எழுதினால் போதும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இது புகைப்படம் அல்ல. இன்ன செயலியில், இன்ன தேதியில், இன்ன விவரம் கொடுத்து உருவாக்கிய படம்." இதைப் படத்தின் நேர் கீழேயே எழுதவேண்டும். கடைசிப் பக்கத்தில் மொத்தமாக எழுதினால் எந்தப் படத்தைக் குறிக்கிறது என்று தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்துக் குழுவில் பகிரும்போது அந்தக் குறிப்பு கூடவே போகாது. உண்மைப் புகைப்படத்தில் ஏஐயை வைத்து எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ அதையும் சொல்லவேண்டும். வெளிச்சம் கூட்டியதற்கும் ஓரம் வெட்டியதற்கும் தேவையில்லை.

ஆனால் கவனித்துப் பதிவு செய்யும் வேலைகளில், குறிப்பு எழுதினாலும் ஏஐ படம் சான்றாகாது. ஒரு நாள் படம் எடுக்க மறந்தால் இடத்தைக் காலியாக விட்டு "இன்று படம் எடுக்கவில்லை" என்று எழுதுங்கள், அல்லது பார்த்ததைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். மதிப்பெண் குறையாது.

இங்கே கண்டிப்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்த பருவம் முதல், உருவாக்கிய படத்தைப் புகைப்படம் என்று காட்டும் ப்ராஜெக்ட் திருப்பி அனுப்பப்படும். திருத்தி வரும்வரை மதிப்பெண் கிடையாது, கண்காட்சியிலும் இடம் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் செய்தது என்பது காரணமாகாது.

அதே நேரம், ஏஐ படத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்டமாட்டோம். உண்மைப் படத்தையும் அவை பொய் என்று சொல்லிவிடுவது உண்டு. சந்தேகம் வந்தால் பிள்ளையிடம் பேசுவோம், மூலப் படத்தைக் கேட்போம். எடுத்த தேதி, நேரம், செல்போன் மாடல் போன்ற விவரங்கள் வழக்கமாக அதில் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் நீங்கிவிடும், அதனால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். விவரம் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம். ப்ராஜெக்ட் முடியும்வரை செல்போனிலிருந்து படங்களை அழிக்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதும்போது 1917-இல் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் நடந்தது நினைவுக்கு வருகிறது. 16 வயது எல்சியும் 9 வயது பிரான்சிஸும் காகிதத்தில் தேவதைகளை வெட்டி, ஓடைக்கரையில் நிறுத்திப் படமெடுத்தார்கள். விளையாட்டாகத் தொடங்கியது. 1920-இல் ஆர்தர் கோனன் டாய்ல் போன்ற பெரிய எழுத்தாளரே நம்பிப் பத்திரிகையில் எழுதிவிட, சிறுமிகளால் உண்மையைச் சொல்ல முடியாமல் போயிற்று. ஒப்புக்கொண்டபோது ஆண்டு 1983. இருவரும் பாட்டிகளாகிவிட்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் யாரும் இப்படி ஒன்றை மனதில் சுமந்துகொண்டு திரியக் கூடாது என்பதே என் கவலை.

நான் சொன்ன அந்தப் பிள்ளை பூஞ்சைப் படத்தை ஒட்டி ப்ராஜெக்டைத் திருத்திக் கொடுத்துவிட்டது. இப்போது இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றில் தண்ணீர் குறைத்து, மறுபடியும் பயறு போட்டிருக்கிறதாம். வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மற்றவர்களுக்கு எழுதவும் அனுமதித்த அந்தப் பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. வேலை முடிந்து களைத்து வந்தும் இரவில் பிள்ளையோடு உட்கார்ந்து ப்ராஜெக்ட் செய்யும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. இதில் கேள்வி இருந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ தயங்காமல் வந்து பேசுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்