எடைக்கு எடை மாற்றாதே

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கிலியை மாற்றாதே. இரண்டு பவுன் 22 கரட் சங்கிலியைக் கொடுத்தால் அதே எடைக்கு 18 கரட்டில் புதுச் சங்கிலி தருகிறோம், கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கணக்கில் உன்னை மிஞ்ச நம் வீட்டில் ஆள் இல்லை. இதை மட்டும் ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

பவுன் எட்டு கிராம், உன் சங்கிலி 16 கிராம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது நூற்றுக்கு 91.6. அதனால்தான் கொக்கியில் 916 என்று குத்தியிருக்கிறது. அந்த 16 கிராமில் சுத்தத் தங்கம் 14.66 கிராம். 18 கரட்டில் நூற்றுக்கு 75தான், முத்திரை 750. அதே 16 கிராமில் தங்கம் 12 கிராம். இரண்டுக்கும் நடுவில் 2.66 கிராம் சுத்தத் தங்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. நம் 22 கரட் கணக்கில் அது பவுனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. கூலி இல்லை என்று சொன்னது அங்கேதான் நிற்கிறது. சரியாக மாற்றினால் உனக்கு 19.5 கிராம் 18 கரட் வர வேண்டும், கூலியை அதில் கழித்துக்கொள்ளட்டும். எடைக்கு எடை வேண்டாம்.

18 கரட்டை நான் குறை சொல்லவில்லை. பட்டறையில் கல் மோதிரம் செய்யும்போது நானே அதைத்தான் எடுப்பேன். வெள்ளியும் செம்பும் கூடுதலாகச் சேர்வதால் அது கடினமாகிறது, கல்லைப் பிடிக்கும் கால்கள் வளையாது. 22 கரட்டில் கட்டிய கல், கை எங்காவது இடிபட்டு இடிபட்டுக் கால் விரிந்து ஒருநாள் விழுந்துவிடும். அலுவலகத்துக்குப் போட்டுப் போக மோதிரமோ சின்னக் கல் தோடோ வேண்டுமென்றால் 18 கரட்டே வாங்கு, நான் தடுக்க மாட்டேன். வெள்ளை நிறத்தில் இருப்பதை வாங்கினால் மட்டும் நிக்கல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கு, சிலதில் கலந்திருக்கும். உன் காது எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

சங்கிலிக்கு ஞாயம் வேறு. 22 கரட் மெதுவானதுதான், ஆனால் கண்ணி கனமாகவும் உள்ளே கூடு இல்லாமலும் இருந்தால் வருசக்கணக்கில் கழுத்தில் கிடக்கும். உன் அம்மா கொழுந்து எடுத்த காலம் முழுக்கத் தாலிச் சங்கிலியைக் கழற்றியதே இல்லை. கண்ணியும் கண்ணியும் உரசும் உள்வளைவில்தான் அது தேயும், வெளியே பார்த்தால் தெரியாது. வெள்ளைத் துணியில் நீட்டிப் போட்டு, கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணிகளை நகத்தால் தள்ளி உள்பக்கம் பார். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் அந்தக் கண்ணியை மட்டும் மாற்றினால் போதும். சங்கிலியையே மாற்றத் தேவையில்லை.

அடுத்தது, எது எந்தக் கரட் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தாய். நிறத்தை நம்பாதே. 22 ஆழ்ந்த மஞ்சள்; 18இல் வெள்ளி கூடினால் வெளிறும், செம்பு கூடினால் சிவக்கும். ஆனால் மேலே நிறம் ஏற்றிவிட்டால் எனக்கே ஒரு பார்வையில் தெரியாது, தேய்ந்த இடத்தைத்தான் தேடுவேன். முத்திரை கொக்கிக்கு மட்டும் சாட்சி, சங்கிலிக்கு அல்ல. காந்தம் இரண்டையும் இழுக்காது. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டை விட்டுவிட்டு, அதே இடத்தை மறுபடி உரசி இரண்டாவது கோட்டைத்தான் பார்க்க வேண்டும். முதல் கோட்டில் மேல்பூச்சும் சேர்ந்து வரும். பக்கத்தில் கரட் தெரிந்த ஊசியின் கோட்டையும் போட்டு, இரண்டின் மேலும் ஆசிட் வைப்பார்கள். வெறும் நைட்ரிக் ஆசிட்டில் 18உம் அழியாது, 22உம் அழியாது, கவரிங்தான் அழியும். ஹைட்ரோகுளோரிக்கும் கொஞ்சம் கலந்திருந்தால்தான் 18இன் கோடு மங்கி 22இன் கோடு நிற்கும். ஆசிட் வைத்தோம், அழியவில்லை, அதனால் 22 என்று யாராவது சொன்னால் எந்த ஆசிட் என்று கேள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் சங்கிலியை நிறுத்துக் குறித்துக்கொள். அப்புறம் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கு. சங்கிலியை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடு. 16 கிராம் சங்கிலி 22 கரட்டாக இருந்தால் தராசு ஏறக்குறைய 0.90 காட்டும். 18 என்றால் 1.04 பக்கம் போகும். கண்ணிக்குள் காற்றுக் குமிழி இருந்தால் எண் கூடிப்போய் நல்ல தங்கமும் 18 போலத் தெரியும், அதனால் சவர்க்காரத் தண்ணீரில் அலசிவிட்டுத் தொங்கவிடு. கூடு உள்ள நகைக்கும் கல் வைத்த நகைக்கும் இது சரிவராது. உன் சங்கிலிக்குச் சரிவரும், அது என் கையால் செய்தது.

செய்து பார்த்து எண்ணை எழுது. சங்கிலி கையில் இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடலாம்.

சின்னம்மா வீட்டுக் கல்யாணப் படங்களை அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் பார்த்தாள். ஒரு படத்தில் நீ சேலையைக் கழுத்துவரை இழுத்துப் பின் குத்தியிருந்தாய், மற்றதில் திரும்பி நின்றாய். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை எப்படிப் போகிறது என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன், அதற்கு நீ பதில் எழுதவில்லை. உங்கள் வீட்டு முன்பணத்தை நீயே கட்டினாய் என்று அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பொதுவாகத்தான் சொல்கிறேன், யாருக்கும் உதவும். நகையை அடகு வைத்தால் சீட்டில் எடையும் கரட்டும் எழுதுவார்கள். 22 கரட்டை 20 என்று குறைத்து எழுதியிருந்தால் கொடுக்கும் பணமும் குறையும், அதை அங்கேயே நின்று கேட்க வேண்டும். தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போகும், வட்டியை மட்டும் கட்டி நீட்டிக்க முடியுமா என்று அதற்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். மீட்கப் பணம் வேண்டுமே என்று எடைக்கு எடை 18க்கு மாற்றி, மிச்சத்தில் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. மிச்சம் இருக்காது, நான் மேலே கணக்குப் போட்டிருக்கிறேன்.

பட்டறையில் இப்போது கையில் வேலை இருக்கிறது. பண்டாரவளையிலிருந்து இரண்டு கல்யாண வேலை வந்திருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்குப் பரவாயில்லை. பணத்தைப் பற்றி யோசிக்காதே. சீட்டில் இருக்கும் தொகையையும் தவணைத் தேதியையும் மட்டும் எழுது, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றால் பட்டறை முகவரிக்கே போடு.

அன்புடன்,
அப்பா